விண்டோஸ் மாற்றியதும் பழைய பிரிண்டரும் ஸ்கேனரும் ஏன் நின்றுபோகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் சின்னதாக ஒரு கணினித் திருத்தகம் வைத்திருக்கிறேன். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. அதன் பிறகு மோட்டார் சைக்கிளில் பிரிண்டரைக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று எங்கிருந்து வந்தாலும் கேள்வி கிட்டத்தட்ட ஒன்றுதான். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

நேற்றுவரைக்கும் அச்சடிச்ச பிரிண்டர். விண்டோஸ் 11 போட்ட அண்டைக்கே செத்துப்போச்சு. பிரிண்டர் பழுதா?

பெரும்பாலும் இல்லை. அந்தப் பெட்டியில் எதுவும் மாறவில்லை, மாறியது கணினிதான். பிரிண்டரை ஓட்டுகிற வேலையில் ஒரு பங்கு கணினிக்குள் டிரைவர் என்ற மென்பொருளாக இருக்கிறது. புது விண்டோஸ் போட்டபோது அது போய்விட்டது, அல்லது இருந்தும் புது விண்டோஸால் அதை ஏற்ற முடியவில்லை.

தூக்கிக்கொண்டு வருவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். பிரிண்டரைப் பழைய விண்டோஸ் உள்ள இன்னொரு கணினியில், முன்பு ஓடிய அதே டிரைவரோடு பொருத்துங்கள். அங்கே அச்சடித்தால் பிரிண்டருக்குக் குறையில்லை. பல பிரிண்டர்களில் கணினியே இல்லாமல் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துச் சோதனைத் தாள் எடுக்கலாம். அது வந்தாலும் அதே அர்த்தம்தான்.

டிரைவர் எண்டா உண்மையில என்ன செய்யுது? யூஎஸ்பி வயரைக் குத்தினாப் போதாதா?

யூஎஸ்பி வெறும் பாதை. அந்தப் பாதையில் எப்படித் தரவு போகவேண்டும் என்பதற்குப் பொதுவான விதி இருக்கிறது. போய்ச் சேர்ந்த தரவு எந்த மொழியில் இருக்கவேண்டும் என்பதற்கு இல்லை. அந்த மொழியில் எழுதிக்கொடுப்பதுதான் டிரைவரின் வேலை.

பிரிண்டர்களில் இரண்டு சாதி உண்டு. சமையல் தெரிந்தவை ஒரு சாதி. அரிசியும் காய்கறியும் கொடுத்தால் அவையே சமைத்துக்கொள்ளும். "இந்த இடத்தில் இந்த எழுத்து, இந்த அளவு, இங்கே ஒரு கோடு" என்று கணினி சொன்னால் போதும், பக்கத்தைப் பிரிண்டர் தானே வரைந்துவிடும். பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட் என்பவை அப்படிச் சொல்கிற மொழிகள். கொஞ்சம் விலைகூடிய அலுவலகப் பிரிண்டர்கள் இந்த வகை.

மற்றச் சாதிக்குச் சமையல் தெரியாது. கட்டிய சோற்றுப் பார்சலைக் கையில் கொடுக்கவேண்டும். பக்கத்தின் ஒவ்வொரு புள்ளியையும் கணினியே கணக்குப்போட்டு, சுருக்கி, பிரிண்டரின் வேகத்துக்கு ஏற்ப ஊட்டவேண்டும். எங்கள் பக்கத்துக் கடைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் நிறையக் காணும் கெனன் எல்பிபி 2900, எச்பி லேசர்ஜெட் 1020 இரண்டுமே இந்தச் சாதி. 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற கணக்கில், ஒரு ஏ4 பக்கத்தில் ஏறக்குறைய 3.5 கோடிப் புள்ளிகள் இருக்கின்றன. புள்ளிக்கு ஒரு பிட் என்று வைத்தாலும் 4 மெகாபைட்டுக்கு மேல் வரும். அந்தப் பிரிண்டர்களில் இருக்கும் நினைவகமோ 2 மெகாபைட். முழுப் பக்கமும் ஒரேயடியாக உள்ளே கொள்ளாது. அதனால்தான் சுருக்குவதும் துண்டு துண்டாக அனுப்புவதும் டிரைவரின் தலையில் விழுகிறது. மலிவாக விற்க முடிந்ததன் இரகசியமும் இதுதான்: பிரிண்டரின் மூளையை எடுத்து உங்கள் கணினியில் வைத்துவிட்டார்கள்.

லேசர்ஜெட் 1020 இதிலும் ஒரு படி மேலே போகிறது. அதை இயக்கும் உள்மென்பொருளே பெட்டிக்குள் நிரந்தரமாக இல்லை. ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் கணினியிலிருந்து டிரைவர்தான் அதை ஏற்றிவிடுகிறது. டிரைவர் இல்லாவிட்டால் விளக்கு எரியும், வேறு ஒன்றும் நடக்காது.

சங்கத்தில இருக்கிற டொட் மெட்ரிக்ஸ் அந்தக் காலத்துச் சாமான். அது இன்னும் ஓடுது. பிறகு வாங்கின லேசர் ஓடேல்லை. இது என்ன நியாயம்?

வயது இங்கே கணக்கில்லை, மொழிதான் கணக்கு. எப்சன் எல்எக்ஸ், எல்கியூ வகைப் பிரிண்டர்களுக்கு ஈஎஸ்சி/பி என்ற மொழி தெரியும். அது எல்லோருக்கும் தெரிந்த பழைய மொழி. அதற்கான டிரைவரை எழுதுவது எளிது, பொதுவான டிரைவர் ஒன்றே பல மாதிரிகளுக்குப் பொருந்தும். ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் விண்டோஸோடு வரும் `Generic / Text Only` என்ற டிரைவரைப் போட்டால் ஆங்கில எழுத்தும் இலக்கமும் வந்துவிடும். தமிழ் வராது, கேள்விக்குறிதான் வரும். அந்த டிரைவர் படம் அனுப்பாது, எழுத்துக் குறியீட்டை மட்டும் அனுப்பும். பிரிண்டரின் உள்ளெழுத்துருவிலோ தமிழ் இல்லை.

லேசரின் கதை வேறு. அதன் மொழி அந்த நிறுவனத்துக்கு மட்டும் சொந்தம். கெனன் தன்னுடையதற்கு காப்ட் என்று பெயர் வைத்திருக்கிறது. நிறுவனம் புது விண்டோஸுக்கு டிரைவர் எழுதாவிட்டால் வேறு ஆள் இல்லை.

ஒன்று கவனியுங்கள். அந்த டொட் மெட்ரிக்ஸில் பெரிய பெரலல் போர்ட் இருந்தால் புதுக் கணினியில் அதற்குத் துளையே இராது. யூஎஸ்பி பக்கம் மாற்றும் வயர் ஒன்று வேண்டும்.

பிரிண்டரோட வந்த சீடியைப் பத்திரமா வைச்சிருக்கிறன். அதைப் போட்டும் ஏன் ஏறுதில்லை?

விண்டோஸில் 32 பிட், 64 பிட் என்று இரண்டு வகை உண்டு, ஒன்றுக்கு எழுதிய டிரைவர் மற்றதில் ஏறாது. சீடியில் இருப்பது பெரும்பாலும் 32 பிட் டிரைவர். விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலும் விண்டோஸ் 7 காலத்தின் முதற்பாதியிலும் நம்மிடம் இருந்த கணினிகள் பெரும்பாலும் 32 பிட். விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பு வந்தது. விண்டோஸ் 11இல் அது கிடையாது, 64 பிட் மட்டும்தான். பழைய பிரிண்டர்கள் கூட்டமாக நின்றுபோவதற்கு நான் காணும் முதற் காரணம் இதுவே. விண்டோஸ் 7 இலிருந்து 11க்குத் தாவியவர்கள் தங்களுக்குத் தெரியாமலே 32இலிருந்து 64க்கும் தாவியிருக்கிறார்கள்.

"என்னிடம் உள்ள பழைய 32 பிட் மென்பொருட்கள் எல்லாம் ஓடுகின்றனவே" என்று சிலர் கேட்பார்கள். சரி, அவை ஓடும். சாதாரண மென்பொருளுக்கு 64 பிட் விண்டோஸ் ஒரு இடைப்படலம் வைத்திருக்கிறது. டிரைவருக்கு அந்தச் சலுகை இல்லை. அச்சு வரிசையைக் கவனிக்கும் ஸ்பூலர் 64 பிட்டில் ஓடுகிறது, அதற்குள்ளே 32 பிட் துண்டை நுழைக்க முடியாது. இதில் ஆட்களை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. சீடியின் நிறுவல் நிரல் ஒரு சாதாரண மென்பொருள், ஆகவே அது ஓடக்கூடும். பச்சைக் கோடு நிரம்பும், முடிந்தது என்றுகூடச் சொல்லும். பிரிண்டர் மட்டும் வராது.

"Compatibility mode" என்று ஒன்றைப் போட்டுப் பார்க்கச் சொல்லி யூடியூப்பில் சொல்வார்கள். நிறுவல் நிரல் விண்டோஸின் பதிப்பு எண்ணைப் பார்த்து அடம்பிடித்தால் அது உதவும். 32 பிட் டிரைவரை 64 பிட் ஆக்காது.

என்னட்டை முதலே 64 பிட் விண்டோஸ் 10தான். 11க்கு மேலேத்தின பிறகு நிண்டுபோச்சு. அதுக்கு என்ன சொல்றியள்?

உங்களுக்கு அநேகமாகப் புது டிரைவரே தேவையில்லை. 64 பிட் 10இல் ஓடிய டிரைவர் 64 பிட் 11இலும் பெரும்பாலும் ஓடும். மேலேற்றத்தின்போது டிரைவர் பாதியாக ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது பிரிண்டர் இணைப்புக்கு விண்டோஸ் வைக்கும் போர்ட் என்ற பெயர் மாறியிருக்கும், அல்லது அச்சு வரிசையில் ஒரு பழைய வேலை அடைத்துக்கொண்டிருக்கும். முதலில் அடைப்பை எடுங்கள். `cmd` ஐ Run as administrator என்று திறந்து இதை அடியுங்கள்:

```
net stop spooler
del /Q %systemroot%\System32\spool\PRINTERS\*
net start spooler
```

காத்திருந்த அச்சு வேலைகள் எல்லாம் அழியும், தேவையானதைத் திரும்ப அனுப்பவேண்டும். அதற்கும் அசையாவிட்டால் பிரிண்டரை நீக்கி, டிரைவரையும் முழுதாகக் கழற்றி, புதிதாகப் போடுங்கள். கழற்றும் விதம் கீழே பள்ளிக்கூடக் கதையில் வருகிறது.

டிரைவர் பிரச்சினையா, வயர் பிரச்சினையா எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

Start பொத்தானில் வலது கிளிக் செய்து `Device Manager` ஐத் திறந்துவைத்துக்கொண்டு, பிரிண்டர் வயரைக் கழற்றி மறுபடி குத்துங்கள். பட்டியல் ஒரு தரம் துள்ளவேண்டும். துள்ளவே இல்லையென்றால் வயர், துளை அல்லது பிரிண்டரின் மின்பலகை. டிரைவரைத் தேடி நேரத்தை வீணாக்கவேண்டாம். எங்கள் பக்கத்தில் மின்னல் காலத்துக்குப் பிறகு வருகிறவற்றில் இந்த வகை கணிசம்.

துள்ளியது, `Other devices` என்பதன் கீழே மஞ்சள் முக்கோணத்தோடு ஒரு பெயர் வந்தது என்றால் வயர் நல்லது. அதை இரண்டு முறை கிளிக் செய்தால் ஒரு எண் தெரியும். `Code 28` என்றால் டிரைவரே போடப்படவில்லை. `Code 39` என்றால் டிரைவர் இருக்கிறது, விண்டோஸால் ஏற்ற முடியவில்லை. `Code 52` என்றால் டிரைவரின் டிஜிட்டல் கையொப்பத்தை விண்டோஸ் ஏற்கவில்லை.

அதே பெட்டியில் `Details` பக்கம் போய் `Hardware Ids` ஐத் தெரிவுசெய்தால் `USB\VID_04A9&PID_2676` என்பது போல ஒரு வரி இருக்கும். VID நிறுவனத்தைச் சொல்லும்: 04A9 கெனன், 03F0 எச்பி, 04B8 எப்சன், 04F9 பிரதர். PID மாதிரியைச் சொல்லும். மேலே எழுதியது எல்பிபி 2900 உடையது. மூடியில் பெயர் தேய்ந்துபோன பிரிண்டருக்கும் இது பொய் சொல்லாது. எனக்கு யாராவது வட்ஸ்அப்பில் "பிரிண்டர் வேலைசெய்யேல்லை" என்று எழுதினால், நான் திரும்பக் கேட்பது இந்த ஒரு வரியின் படத்தைத்தான்.

பேர் கிட்டத்தட்ட ஒண்டா இருந்த ஒரு டிரைவரைத் தெரிவு செய்தன். ஒரு கட்டுத் தாள் நாசமாப்போச்சு. என்ன நடந்தது?

பிரிண்டருக்குத் தெரியாத மொழியில் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அதன் அடையாளம் நாசமான தாளிலேயே இருக்கும், எறிவதற்கு முன் முதல் தாளின் மேல் வரியைப் பாருங்கள். `%-12345X@PJL` என்று தொடங்கினால் போனது பெரும்பாலும் பிசிஎல் டிரைவரின் தரவு. `%!PS-Adobe` என்றால் போஸ்ட்ஸ்கிரிப்ட். பிரிண்டர் அதைக் கட்டளையாக எடுக்காமல் வெறும் எழுத்தாக எடுத்து, பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரி என்று துப்பிக்கொண்டே போயிருக்கும்.

அப்படித் தொடங்கினால் கணினியில் நிறுத்த முயலாதீர்கள். முதலில் தாள் தட்டை இழுத்தெடுங்கள், பிறகு பிரிண்டரின் மின்சாரத்தை நிறுத்துங்கள், அதன்பின் மேலே சொன்ன மூன்று வரியால் வரிசையைத் துடையுங்கள். இந்த ஒழுங்கு மாறினால் மறுபடி சுவிட்ச் போட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

எச்பியின் "யுனிவர்சல்" டிரைவர் எல்லா எச்பிக்கும் பொருந்தும் என்று நினைப்பவர்களும் உண்டு. அது பிசிஎல் அல்லது போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரிந்தவற்றுக்கு மட்டும். 1020க்கு உதவாது.

ஒரு கேஸை முதலில இருந்து கடைசிவரை சொல்லுங்கோ. அப்பதான் விளங்கும்.

மாங்குளத்துக்கு மேற்கே ஒரு பள்ளிக்கூடம். அலுவலகத்தில் 32 பிட் விண்டோஸ் 7 உள்ள பழைய கணினி, ஒரு பழைய லேசர் பிரிண்டர், அதைவிடப் பழைய பிளாட்பெட் ஸ்கேனர். விண்டோஸ் 11 உள்ள புதுக் கணினி வந்தது. தவணைப் பரீட்சைக்கு மூன்று நாள் இருக்க இரண்டையும் அதற்கு மாற்றினார்கள். இரண்டும் வேலைசெய்யவில்லை. அதிபர் அழைத்தார்.

நான் போவதற்கு முன் ஒரு ரீச்சர் சீடியைப் போட்டுப் பார்த்திருந்தார். நிறுவல் முடிந்ததாகச் சொல்லியது, தாள் வரவில்லை. பிறகு இணையத்தில் "டிரைவர் அப்டேட்டர்" என்று ஒன்றை இறக்கியிருந்தார். அது காசு கேட்டது, பிரிண்டரைத் தொடவே இல்லை. அதை முதலில் கழற்றினேன். டிரைவரை எடுக்கவேண்டிய இடம் பிரிண்டர் செய்த நிறுவனத்தின் தளம் மட்டும்தான்.

`Device Manager` இல் `USB Printing Support` என்ற வரி இருந்தது. அது விண்டோஸின் சொந்தத் துண்டு. கணினி பிரிண்டரைக் கண்டுகொண்டது, பாதை நல்லது என்று அதற்கு அர்த்தம். பிரிண்டரின் பெயர் மட்டும் மஞ்சள் முக்கோணத்தோடு `Code 28` இல் நின்றது. VID, PID இரண்டையும் குறித்துக்கொண்டு நிறுவனத்தின் தளத்தில் பார்த்தேன். அந்த மாதிரிக்கு 64 பிட் டிரைவர் இருந்தது. பட்டியலில் விண்டோஸ் 10 வரைதான் எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்து மனம் தளரவேண்டாம். கைப்பேசி ஹொட்ஸ்பொட்டில் இறக்கினேன். பெரிய கோப்பு இல்லை.

போடுவதற்கு முன் பழைய எச்சத்தைத் துடைத்தேன். `Printers & scanners` இலிருந்து பிரிண்டரை நீக்கிவிட்டு, `Win+R` அழுத்தி இதை அடித்தேன்:

```
printui /s /t2
```

போடப்பட்ட அச்சு டிரைவர்களின் பட்டியல் வரும். பழையதைத் தெரிவுசெய்து `Remove`, பிறகு `Remove driver and driver package`. "பாவனையில் இருக்கிறது" என்று மறுத்தால் ஸ்பூலரை ஒரு முறை நிறுத்தித் தொடக்கிவிட்டு உடனே மறுபடி முயலவேண்டும்.

அடுத்தது, யூஎஸ்பி வயரைக் கழற்றிவிட்டு நிறுவலைத் தொடங்கினேன். முதலே வயர் குத்தியிருந்தால் விண்டோஸ் தானாக ஏதோ ஒன்றைப் போட முந்திக்கொள்ளும். நிரல் "இப்போது இணை" என்று கேட்டபோது குத்தினேன். பெயர் வந்தது. சோதனைத் தாள் அனுப்பினால் அசைவில்லை! `Printer properties` இல் `Ports` பக்கம் போனேன். `USB001` இல் குறி இருந்தது, ரீச்சரின் முயற்சியில் உண்டான செத்த போர்ட் அது. உயிருள்ளது `USB002`. குறியை மாற்றியதும் தாள் வந்தது. டிரைவர் சரியாக இருந்தும் வேலைசெய்யவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது இந்தப் பக்கத்தைத்தான். பிரிண்டரை ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்கு மாற்றினாலும் இதே கதை நடக்கும்.

ஸ்கேனரின் VID, PID கொண்டு தேடியபோது நிறுவனம் 64 பிட் டிரைவர் எழுதவே இல்லை என்பது தெரிந்தது. அங்கே மல்லுக்கட்டவில்லை. பழைய கணினியை ஸ்கேனருக்கென்றே ஒதுக்கி, இணைய வயரைக் கழற்றிவிட்டு வந்தேன். ஸ்கேன் செய்ததைப் பென் டிரைவில் எடுப்பார்கள். அந்தப் பென் டிரைவைப் புதுக் கணினியில் திறக்குமுன் வைரஸ் பார்க்கும்படி சொல்லியிருக்கிறேன். சொன்னதைச் செய்கிறார்களோ தெரியாது.

ஓல் இன் வண் பிரிண்டர். பிரிண்ட் வருது, ஸ்கேன் மட்டும் வரேல்லை. ஒரே பெட்டிதானே?

பெட்டி ஒன்று, கருவி இரண்டு. ஒரே வயரில் விண்டோஸுக்கு ஒரு பிரிண்டரும் ஒரு ஸ்கேனரும் தனித்தனியாகத் தெரிகின்றன, தனித்தனி டிரைவர் வேண்டும். விண்டோஸ் தானாகப் போடும் டிரைவர் பல வேளைகளில் அச்சுக்கு மட்டும்தான். ஆகவே நிறுவனத்தின் தளத்தில் "பேசிக்" டிரைவரை விட்டுவிட்டு முழுப் பொதியை எடுங்கள். அது சில நூறு மெகாபைட் வரலாம், டேட்டாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேனர் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. மென்பொருள் ஸ்கேனரோடு பேச இரண்டு பாதைகள் இருக்கின்றன: ட்வெயின், டபிள்யூஐஏ. ட்வெயின் டிரைவர் 32 பிட்டாக இருந்தால் 64 பிட் மென்பொருளின் பட்டியலில் அந்த ஸ்கேனர் தென்படாது. 32 பிட் மென்பொருளில் தென்படும். "ஒரு புரோகிராமில் வருகிறது, மற்றதில் இல்லை" என்று சொன்னால் நான் சந்தேகிப்பது இதை. இலவசமான `NAPS2` 32 பிட் ட்வெயினையும் கையாளும், அதில் ஒரு முறை பாருங்கள். ஆனால் டிரைவரே இல்லாத ஸ்கேனருக்கு அது மருந்தில்லை.

டிரைவரே இல்லாதவற்றுக்கு `VueScan` என்ற கட்டண மென்பொருள் இருக்கிறது. நிறுவனங்கள் கைவிட்ட பல ஸ்கேனர்களுக்கு அவர்களே டிரைவர் எழுதி உள்ளே வைத்திருக்கிறார்கள். காசு கொடுக்குமுன் இலவசப் பதிப்பில் உங்கள் ஸ்கேனர் வருகிறதா என்று பாருங்கள். படத்தில் நீர்க்குறி விழும், சோதனைக்கு அது போதும். லினக்ஸ் போடத் தயங்காதவர்களுக்கு இன்னொரு வழி: அங்கே சேன் என்ற பொதுத் திட்டத்தில் பழைய ஸ்கேனர்கள் ஏராளம் உயிரோடு இருக்கின்றன.

பழைய கொம்பியூட்டரில பிரிண்டரை விட்டிட்டு, நெட்வேர்க்கில ஷெயார் பண்ணினா டிரைவர் தேவையில்லைத்தானே?

தேவை. இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். சாதாரண ஷெயாரிங்கில் சமையல் நடப்பது கேட்கிற கணினியில். புதுக் கணினி பழையதிடம் டிரைவரைக் கேட்கும். பழையது 32 பிட் என்றால் அதனிடம் இருப்பது 32 பிட் டிரைவர் மட்டும். மறுபடியும் அதே சுவர். போதாக்குறைக்கு, 2021இல் பிரிண்ட் நைட்மேர் என்று பேர்போன பாதுகாப்பு ஓட்டை பிடிபட்ட பிறகு, அந்த ஓகஸ்ட் மாதத்திலிருந்து இப்படி டிரைவர் எடுப்பதற்கு அட்மின் அனுமதி வேண்டும்.

பிடிஎஃப் வழி இதைவிட இலேசு. புதுக் கணினியில் `Microsoft Print to PDF` ஐத் தெரிவுசெய்து கோப்பாக்கி, பழைய கணினிக்குக் கொண்டுபோய் அச்சடியுங்கள். வேர்ட் கோப்பாகக் கொண்டுபோகவேண்டாம். பாமினியில் அடித்த வினாத்தாள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாக நிற்கும். பிடிஎஃப்பில் எழுத்துரு கூடவே போகிறது.

கனடாவில இருந்து மாமா கொண்டுவந்த புது லப்டொப். விண்டோஸ் 11, 64 பிட்தான். 64 பிட் டிரைவரும் ஏறுதில்லையே?

`Settings`, `System`, `About` போய் `System type` ஐப் பாருங்கள். `ARM-based processor` என்று இருந்தால் காரணம் அதுதான். அந்த லப்டொப்பில் இன்டெல் அல்லது ஏஎம்டி சிப் இல்லை. வழக்கமான மென்பொருட்களை அது இன்டெல் சிப் போல நடித்து ஓட்டும், டிரைவரை அப்படி ஓட்டாது. ஏஆர்எம்முக்கென்று எழுதிய டிரைவர் வேண்டும், பழைய மலிவு லேசர்களுக்கு அதை எதிர்பார்க்காதீர்கள். வைஃபை உள்ள, ஏர்பிரிண்ட் அல்லது மொப்ரியா என்று எழுதிய பிரிண்டர் என்றால் விண்டோஸின் பொது டிரைவரே போதும். லப்டொப் நல்லதுதான், மாமாவைக் குறைசொல்லவேண்டாம்.

அப்டேட் ஒண்டும் செய்யேல்லை. செட்டிங்ஸில ஏதோ அமத்தினன், எல்லாப் பிரிண்டரும் காணாமல் போச்சு. என்ன அது?

விண்டோஸ் 11இன் 24H2 பதிப்பிலிருந்து `Windows protected print mode` என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதை இயக்கினால் நிறுவனங்களின் டிரைவரில் ஓடும் பிரிண்டர்கள் எல்லாம் நீக்கப்படும். பொது டிரைவரில் ஓடக்கூடிய புதியவை மட்டும் மிஞ்சும். `Printers & scanners` பக்கத்தின் கீழே போய் அதை நிறுத்திவிட்டு, டிரைவரைத் திரும்பப் போடுங்கள். இப்போதைக்கு அது தானாக இயங்குவதில்லை.

இன்னும் மேலேத்தேல்லை. முதலே என்ன பார்த்து வைக்கவேணும்?

இப்போது ஓடுவது 32 பிட்டா 64 பிட்டா என்று `System type` இல் பாருங்கள். 64 என்றால் பாதிக் கவலை முடிந்தது. பிறகு பிரிண்டர், ஸ்கேனர் இரண்டின் VID, PID ஐயும் ஒரு தாளில் எழுதி, நிறுவனத்தின் தளத்தில் 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று தேடி, இருந்தால் இன்றே இறக்கிப் பென் டிரைவில் வையுங்கள். பழைய மாதிரிகளின் பக்கங்களை நிறுவனங்கள் ஒருநாள் எடுத்துவிடும். விண்டோஸ் அப்டேட் தேடித்தரும் என்றும் நம்பியிருக்கவேண்டாம். பிரிண்டர் நிறுவனங்களின் டிரைவர்களை அந்த வழியாகக் கொடுப்பதைப் படிப்படியாக நிறுத்துவதாக மைக்ரோசொஃப்ட் 2023 செப்டெம்பரில் அறிவித்துவிட்டது. நீங்களாகப் போடுவதை அது தடுக்காது.

64 பிட் விண்டோஸ் 10இல் இருப்பவர்கள், ஓடிக்கொண்டிருக்கும் டிரைவர்களையே எடுத்துவைக்கலாம். D இல் `drivers` என்று ஒரு கோப்புறை உண்டாக்கிவிட்டு, அட்மினாகத் திறந்த `cmd` இல்:

```
pnputil /export-driver * D:\drivers
```

புது விண்டோஸ் போட்டபின் திரும்ப ஏற்ற:

```
pnputil /add-driver D:\drivers\*.inf /subdirs /install
```

D என்பது அதே வன்தட்டின் பகுதி என்றால், போர்மட் பண்ணுகிறவர் அதையும் துடைத்துவிடக்கூடும். வெளியே ஒரு பிரதி வையுங்கள். விண்டோஸ் 7இல் இந்தக் கட்டளை இல்லை. அங்கே 32 பிட் டிரைவரை எடுத்துவைத்தும் 11இல் பயனில்லை.

மேலேற்றிய பிறகுதான் பிரிண்டர் நின்றது தெரிந்தது என்றால் `Settings`, `System`, `Recovery` இல் `Go back` இருக்கும். பத்து நாள் வரை பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம், அதற்குப் பிறகு பழைய கோப்புகள் அழிந்துவிடும். வன்தட்டைத் துடைத்துப் புதிதாகப் போட்டவர்களுக்கு அந்தப் பொத்தான் இல்லை.